ஏசி கம்ப்ரஸர் பிடித்ததும் ஐட்லிங் விழுகிறது, விளக்கு எரிகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறைக்கு வருகிறவர்கள் கோடைக்காலத்தில் அதிகம் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் பெட்ரோல் கார்களுக்கு, அதிலும் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டை ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லாமல் மின்சார மோட்டாரே திறக்கும் கார்களுக்குப் பொருந்தும். டீசல் எஞ்சினில் ஐட்லிங் வேகத்தை எரிபொருளின் அளவு பார்த்துக்கொள்கிறது. அது தனிக் கதை.

சிக்னலில் நிற்கும்போது "டக்" என்று ஒரு சத்தம், உடனே ஆர்பிஎம் முள் இறங்கி ஏறுகிறது. எல்லா வண்டியிலும் இப்படித்தானே?

கொஞ்சம் இறங்குவது எல்லா வண்டியிலும் உண்டு. எவ்வளவு இறங்குகிறது, எத்தனை நேரத்தில் எழுந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 750-ல் ஓடும் எஞ்சின் 680, 700 வரை தாழ்ந்து, ஒரு நொடிக்குள் மீண்டு, 800 அல்லது 850-ல் நிலைத்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏசி ஓடும்போது ஐட்லிங்கைச் சற்றே உயர்த்தி வைப்பது வண்டியின் வழக்கம்.

முள் 550-க்குக் கீழே போனாலோ, ஸ்டியரிங் கையில் அதிர்ந்தாலோ, இறங்கிய முள் 950-க்குத் தாவி மறுபடி இறங்கி ஊஞ்சல் ஆடினாலோ அது குறைதான். நீங்கள் கேட்கும் அந்த "டக்", கம்ப்ரஸரின் மின்காந்த கிளட்ச் பெல்ட் புல்லியோடு ஒட்டிக்கொள்ளும் சத்தம். ஐட்லிங்கில் எஞ்சின் தன் சொந்த உராய்வைத் தாங்கும் அளவுக்கு மட்டுமே உழைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஏறத்தாழ இரண்டு, மூன்று குதிரைத்திறன் சுமையைத் தூக்கித் தலையில் வைக்கிறோம். தடுமாறாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

அப்படியென்றால் நல்ல வண்டிகள் மட்டும் எப்படித் தடுமாறாமல் சமாளிக்கின்றன?

முன்கூட்டியே தெரிந்துகொள்வதால். ஏசி பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரஸர் நேராக ஓடத் தொடங்கிவிடுவதில்லை. பொத்தானின் வேண்டுகோள் முதலில் எஞ்சின் கணினியான இசியுவிடம் போகிறது. கேஸ் அழுத்தம் சரியாக இருக்கிறதா, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறதா, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்திருக்கிறாரா என்று இசியு பார்க்கிறது. எல்லாம் சரியென்றால் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து கூடுதல் காற்றை உள்ளே விடுகிறது. அதன் பிறகே, அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில், கம்ப்ரஸர் ரிலேவுக்கு அனுமதி தருகிறது. விருந்தாளி வாசலுக்கு வருமுன் உலையில் கூடுதல் அரிசி போடுவது போலத்தான்.

காற்று ஏன் முன்னதாகப் போக வேண்டும்? 750 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 25 முறை தீப்பொறி விழுகிறது. த்ராட்டிலைத் திறந்தாலும் அதற்கும் சிலிண்டர்களுக்கும் இடையிலுள்ள மேனிஃபோல்டு குழாய் நிரம்பி அந்தக் காற்று சிலிண்டருக்குள் வேலைசெய்யப் பல வெடிப்புகள் கடந்துவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க இசியுவிடம் இன்னொரு கையிருப்பு இருக்கிறது. ஐட்லிங்கில் ஸ்பார்க் டைமிங்கை வேண்டுமென்றே சற்றுப் பின்தள்ளி வைத்திருக்கும். சுமை விழுந்ததும் அதை முன்னே இழுத்தால் அடுத்த வெடிப்பிலேயே பலம் கூடும். ஆக, நொடிப்பொழுதுக்கு டைமிங், அதன் பிறகு காற்று.

வேகம் பள்ளத்தில் விழுகிறதென்றால் இந்தக் காற்று போதவில்லை, அல்லது சுமை கணக்குக்கு மேல் போய்விட்டது, அல்லது இசியுவுக்குச் செய்தியே வரவில்லை. என் அனுபவத்தில் முதலாவதுதான் அதிகம்.

ஏசி போட்டால்தானே வருகிறது, அப்போது கோளாறு ஏசியில்தானே இருக்க வேண்டும்? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பலர் இந்த நம்பிக்கையோடு முதலில் ஏசி கடைக்குப் போய் கேஸ் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஏசியை அணைத்துவிட்டு, வண்டி நின்ற நிலையில் வேறு சுமைகளை ஏற்றிப் பாருங்கள். ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டு, ப்ளோயரை உச்சத்தில் வைத்து, பின்கண்ணாடி டிஃபாகர் இருந்தால் அதையும் போடுங்கள். ஸ்டியரிங்கை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். இவற்றுக்கும் முள் கீழே விழுந்தால் கம்ப்ரஸர் மேல் பழி போடாதீர்கள். எஞ்சினால் எந்தச் சுமையையும் தாங்க முடியவில்லை என்றுதான் பொருள். த்ராட்டில் பக்கம் போக வேண்டும்.

மற்றவற்றுக்கு அசையாமல் இருந்து ஏசிக்கு மட்டும் விழுந்தால், பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். ஏசி பிடித்த சிறிது நேரத்தில் ஃபேன் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கண்டென்சரில் சூடு தங்கி, கேஸ் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், கம்ப்ரஸர் எஞ்சினை அழுத்தும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஏசி போட்ட முதல் நிமிடத்தில் ஐட்லிங் நன்றாக இருக்கும், நிற்க நிற்க மோசமாகும், வண்டி நகர்ந்து முன்பக்கம் காற்று பட்டதும் சரியாகிவிடும். கேஸை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலும் இதே கதைதான். கேஸ் குறைவாக இருந்தால் வேறு மாதிரி: கம்ப்ரஸர் சில நொடிகளுக்கு ஒருமுறை பிடித்து விடும், ஒவ்வொரு பிடிப்புக்கும் முள் ஒருமுறை குதிக்கும்.

மூன்றாவது வகை அரிது, ஆனால் பார்த்திருக்கிறேன். எப்போதோ ஏசி வேலை செய்யவில்லை என்று யாரோ கம்ப்ரஸர் ரிலேவுக்குத் தனியாக ஒயர் இழுத்திருப்பார்கள். ஏசி குளிரும், ஆனால் இசியுவுக்கு எதுவும் தெரியாது. ஸ்கேனரில் `A/C Request` என்ற வரியைப் பாருங்கள். கம்ப்ரஸர் சுழன்றுகொண்டிருக்கும்போதே அது `OFF` என்று காட்டினால் த்ராட்டிலை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. ஒயரிங்கை முதலில் பழையபடி மாற்ற வேண்டும்.

வேகம் விழும்போது பேட்டரி விளக்கு ஒரு கணம் மினுங்கி அணைகிறது. சில நாள் எண்ணெய் விளக்கும். ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

அவசரப்படாதீர்கள். ஆல்டர்னேட்டருக்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு. எஞ்சின் 500-க்குக் கீழே போனால் மின் உற்பத்தி சரிந்துவிடும். அதே நொடியில் கம்ப்ரஸர் கிளட்சும் ரேடியேட்டர் ஃபேனும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். விளக்கு மினுங்காமல் என்ன செய்யும்? 1,500 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் பொதுவாக ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தைச் சரிசெய்தால் விளக்கும் சரியாகும். புதிய கார்கள் சிலவற்றில் இசியுவே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும். அங்கே ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு அளப்பது நல்லது.

சிவப்பு எண்ணெய் விளக்கை இவ்வளவு எளிதாக விடக்கூடாது. சூடான எண்ணெய் நீர்த்திருக்கும்போது பம்ப் மெதுவாகச் சுழன்றால் அழுத்தம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் 700 ஆர்பிஎம்மிலும் அது மினுங்கினால் வண்டியை ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு எண்ணெய் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் அழுத்தமானி வைத்து அளக்காமல் ஓட்ட வேண்டாம்.

ஏபிஎஸ், ஸ்டியரிங் விளக்குகள் எல்லாம் சேர்ந்து எரிந்தால் வண்டி அணைந்துபோகும் அளவுக்கு வந்திருக்கிறது, அல்லது பேட்டரி பலவீனமாகி வோல்டேஜ் விழுகிறது. மஞ்சள் எஞ்சின் விளக்கோ, சில ஐரோப்பிய கார்களில் வரும் `EPC` விளக்கோ எரிந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்காவிட்டால் த்ராட்டில் மோட்டாரையோ அதன் சென்சார்களையோ இசியு நம்ப மறுக்கிறது. அங்கே சுத்தம் செய்வதற்கு முன்னால் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும்.

ஸ்கேனரில் P0506 வந்தது. அழித்தேன். நான்கு நாளில் மறுபடி வந்துவிட்டது. இது என்ன சொல்கிறது?

ஐட்லிங் வேகம் இசியு விரும்பியதைவிடக் குறைவாக இருக்கிறது என்று சொல்கிறது. பல கார்களில் இலக்கைவிட 100 ஆர்பிஎம் அளவுக்குக் குறைவாக, சிறிது நேரம் தொடர்ந்து இருந்தால் இது பதிவாகும். ஒரு பயணத்தில் நடந்தால் இசியு மனதில் குறித்துக்கொள்ளும், அடுத்த பயணத்திலும் நடந்தால்தான் விளக்கை ஏற்றும். உங்களுக்கு நான்கு நாள் ஆனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

குறியீட்டை அழிக்கும்போது அதனுடன் சேமித்திருந்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிந்துபோகிறது. அந்தக் குறியீடு பதிவான நொடியில் எஞ்சின் வேகம், கூலன்ட் சூடு, சுமை எல்லாம் எவ்வளவு இருந்தன என்பதன் புகைப்படம் அது. அடுத்த முறை முதலில் அதைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். அழிப்பதற்கு அவசரம் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் `P0507`: வேகம் தேவைக்கு அதிகம். `P2135` அல்லது `P2112` போன்றவை வந்தால் த்ராட்டிலில் படியும் கரியோடு நிற்கும் விஷயமாக இருக்காது. முதலாவது த்ராட்டில் சென்சார்களின் இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்கிறது, இரண்டாவது தகடு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டது என்கிறது.

த்ராட்டிலில் கரி படிந்திருக்கிறது என்கிறார்கள். ஏசி இல்லாமல் ஐட்லிங் நன்றாகத்தானே இருக்கிறது? கரி இருந்தால் எப்போதுமே விழ வேண்டுமே?

நியாயமான கேள்வி. ஒரு காரை வைத்துச் சொல்கிறேன். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 70,000 கிலோமீட்டர் ஓடியது. ஏசி இல்லாமல் 750-ல் அழகாக நிற்கும். கம்ப்ரஸர் பிடித்தால் 480, பிறகு 920, பிறகு 820. பேட்டரி விளக்கு ஒரு கண்சிமிட்டல். உரிமையாளர் ஏற்கெனவே ஓரிடத்தில் கேஸ் மாற்றி, இன்னோர் இடத்தில் ஸ்பார்க் பிளக் மாற்றியிருந்தார்.

முதலில் ஏசி அழுத்தத்தைப் பார்த்தோம். வெயில் 33 டிகிரி. குறைந்த பக்கம் 38, அதிக பக்கம் 215 பிஎஸ்ஐ. R134a கேஸுக்கு இது சாதாரணம். ஃபேன் ஓடியது. சுமையில் குறை இல்லை. ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டதும் ஏசி இல்லாமலேயே முள் 640-க்கு வந்தது. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம், அதாவது இசியு எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு, இரண்டு சதவீதத்துக்குள் இருந்ததால் எங்கோ காற்று கசிகிறது என்ற சந்தேகமும் போனது. கடைசியாக த்ராட்டில் திறப்பைப் பார்த்தோம். இதே மாடலில் சுத்தமான வண்டி ஒன்று ஐட்லிங்கில் 3 சதவீதம் காட்டியிருந்தது. இது 6 காட்டியது.

காற்றுக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் பித்தளைத் தகட்டின் விளிம்பைச் சுற்றியும், அது உட்காரும் சுவரிலும், கண்மை தீட்டியது போல ஒரு கறுப்பு வளையம். கிரேங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி தூசியோடு சேர்ந்து அங்கே உறைகிறது. ஐட்லிங்கில் தகடு ஓரிரு டிகிரிதான் திறந்திருக்கும். அந்தப் பிறை வடிவ இடுக்கு மயிரிழை அளவு. அதில் மயிரிழை அளவுக்குப் படிவம் இருந்தால் காற்றுக்கு வழி எங்கே?

இசியு சும்மா இருக்கவில்லை. படிவம் ஏற ஏறத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து, அதையே புதிய இயல்பு நிலையாகக் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் ஏசி இல்லாமல் 750 குலையவில்லை. ஆனால் கம்ப்ரஸருக்காகத் திறக்க வேண்டிய கூடுதல் அளவு, சுத்தமான த்ராட்டிலை வைத்துத் தொழிற்சாலையில் கணக்கிட்ட ஒன்று. படிந்த வளையத்தின் மறைவுக்குள்ளேயே தகடு அந்தச் சிறிது தூரம் நகர்ந்தால் வர வேண்டிய காற்றில் பாதிதான் வருகிறது. வேகம் விழுந்ததைப் பார்த்த பிறகு இசியு பதறி அதிகம் திறக்கிறது, அது 920. பிறகு நிதானிக்கிறது, அது 820. முள்ளின் அந்த மூன்று எண்களிலேயே கதை முழுதும் இருக்கிறது.

த்ராட்டில் பாடியை நானே சுத்தம் செய்யலாமா?

பொறுமை இருந்தால் செய்யலாம். சாவியை எடுத்துவிடுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயின் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றினால் தகடு தெரியும். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் க்ளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராகப் பீய்ச்சினால் தகட்டின் அச்சு வழியாக உள்ளே இறங்கி மோட்டாரையும் சென்சாரையும் கெடுக்கக்கூடும். நூல் பிரியாத துணியாக இருக்கட்டும். உப்புத்தாள், கத்தி, கம்பித் தேய்ப்பான் எதுவும் வேண்டாம். சில பாடிகளின் உட்சுவரில் மெல்லிய பூச்சு உண்டு, அது போனால் திரும்ப வராது.

சாவி போட்ட நிலையில் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். மோட்டார் எதிர்த்துத் தள்ளும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பற்சக்கரம். இசியு தகட்டை அசைத்தால் விரலும் மாட்டும். முடிந்தால் பாடியைக் கழற்றி மேசையில் வைத்துத் துடைப்பது நல்லது. பின்பக்க விளிம்பும் அப்போதுதான் கைக்கு எட்டும். கழற்றினால் கேஸ்கெட் ஒன்று புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்தேன். இப்போது ஐட்லிங் 1,300-ல் நிற்கிறது! எதையாவது கெடுத்துவிட்டேனா?

கெடுக்கவில்லை. இசியு இன்னும் பழைய கரியை நினைத்துக்கொண்டு தகட்டை 6 சதவீதம் திறக்கிறது. வழி இப்போது தடையில்லாமல் இருப்பதால் காற்று கொட்டுகிறது. கற்றதை மறக்கச் செய்து புதிதாகக் கற்பிக்க வேண்டும். மேலே சொன்ன காரிலும் இதுதான் நடந்தது. ஸ்கேனரில் பழைய கற்றலை அழித்துவிட்டுப் பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டோம். பிறகு ஏசி பிடித்தபோது முள் 690 வரை இறங்கி 840-ல் நின்றது. த்ராட்டில் திறப்பு 3 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தது.

முறை மாடலுக்கு மாடல் வேறுபடும். ஹோண்டா கார்கள் பலவற்றில் இசியுவை ரீசெட் செய்து, விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்து, சாவியைப் போட்டு இரண்டு நொடி பொறுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு கியர் இல்லாமல் 3,000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் ஃபேன் சுழலும்வரை வைத்திருந்து, காலை எடுத்து ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும். நிஸான் கார்களில் பெடல், தகடு, ஐட்லிங் காற்று மூன்றையும் வரிசையாகக் கற்பிக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வகையில் ஸ்கேனரின் `Basic Settings` பகுதியில் த்ராட்டில் அடாப்டேஷன் ஓட்டினால் முடிந்தது. சில வண்டிகள் இரண்டு நாள் ஓட்டத்தில் தாமாகவே கற்றுக்கொள்ளும். எந்த முறையானாலும், ஏசி இல்லாமல் நிலைத்த பிறகே ஏசியோடு சில நிமிடம் ஓடவிடுங்கள்.

கற்பித்த பிறகும் 1,000-க்குக் கீழே வரவில்லையென்றால் குழாயை அல்லது கேஸ்கெட்டைச் சரியாக உட்கார வைக்கவில்லை. எங்கோ காற்று கசிகிறது.

நான் த்ராட்டிலைத் தொடவே இல்லை. புது பேட்டரி போட்ட அன்றிலிருந்து ஏசி போட்டால் அணைந்துபோகிறது.

அதே கதையின் மறுபக்கம். பேட்டரியைக் கழற்றியதும் பல கார்கள் கற்றதை மறந்துவிடும். சுத்தமான த்ராட்டில் என்றால் அந்த மறதி யாருக்கும் தெரியாது. கரி படிந்த த்ராட்டில் என்றால், ஆண்டுக்கணக்காக இசியு மூடி மறைத்துவந்த குறை ஒரே நாளில் வெளியே வந்துவிடும். பேட்டரிக்காரரோடு சண்டை போட வேண்டாம். கழுவிவிட்டு, மேலே சொன்னபடி கற்பியுங்கள்.

என்னுடையது பழைய கார், கேபிள் த்ராட்டில். மெக்கானிக் ஒரு திருகைத் திருகி ஐட்லிங்கை ஏற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் நன்றாக இருந்தது.

அந்தக் கார்களில் ஐட்லிங் காற்றுக்குத் தனி வால்வு உண்டு. தகட்டைச் சுற்றிப் போகும் ஒரு சிறு வழியை ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று திறந்து மூடும். பட்டறைகளில் ஐஏசி வால்வு என்பார்கள். கரி படிவது அதன் முனையிலும் அந்த வழியிலும்தான். கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் உயிர் பெறும். கம்ப்ரஸர் பிடிக்கும்போது ஸ்கேனரில் அதன் படி எண்ணிக்கை ஏறியும் வேகம் ஏறவில்லையென்றால் வழி அடைத்திருக்கிறது அல்லது மோட்டார் சிக்கியிருக்கிறது.

அவர் திருகியது தகடு நிற்கும் எல்லைத் திருகு. அதைத் தொடாமல் இருந்திருக்கலாம். தகடு முழுதாக மூடவில்லையென்றால் சில கார்களில் இசியு ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பதாகவே நினைத்து, ஐட்லிங் கட்டுப்பாட்டையே கைவிட்டுவிடும். தொழிற்சாலையில் பெயின்ட் அடையாளம் இட்டிருந்தால் அந்த இடத்துக்கே திருப்பச் சொல்லுங்கள்.

முள் அசையவே இல்லை. ஆனால் ஏசி பிடித்தால் சீட்டும் டாஷ்போர்டும் நடுங்குகின்றன.

எஞ்சின் மவுன்ட் ரப்பர்களைப் பாருங்கள். த்ராட்டில் பக்கம் போக வேண்டாம்.

இப்படியே ஓட்டினால் என்ன ஆகும்? அடுத்த மாதம்தான் நேரம் கிடைக்கும்.

முள் விழுந்தாலும் வண்டி அணையாமல், எண்ணெய் விளக்கு எரியாமல் இருந்தால் ஒரு மாதம் ஓட்டலாம். நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏசியை அணைத்துவிடுங்கள். ஆனால் வேகம் குறைத்துத் திரும்பும்போதோ பிரேக் பிடித்து நிற்கும்போதோ எஞ்சின் அணைகிறதென்றால் காத்திருக்கக் கூடாது. எஞ்சின் அணைந்த சில மிதிகளில் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். அதுவரை ஏசி இல்லாமல், ஜன்னலைத் திறந்துவிட்டுப் பட்டறைக்கு வாருங்கள்.